இரண்டரை மணி நேரப் பயணமும் ஒரு பக்க மனுவும்

பனவடலிசத்திரம் பஸ் ஸ்டாப்பில் அவர் பல வருடங்களாகச் சாலையின் ஒரு பக்கத்தில்தான் நின்றிருக்கிறார். சங்கரன்கோவிலிலிருந்து வரும் பஸ்ஸில் ஏறினால் தேவர்குளம், மானூர் வழியாக நேரே திருநெல்வேலி. ஒரே பஸ், ஒரே டிக்கெட். ஜன்னலோரம் இடம் கிடைத்தால் அரைத் தூக்கம்கூடப் போடலாம்.

2019 டிசம்பர் முதல் வாரத்தில் ஒருநாள் காலை, வழக்கத்தைவிட ஒரு மணி நேரத்துக்கு மேல் முன்னதாக வந்து, சாலையின் எதிர்ப்பக்கத்தில் நின்றார். டீக்கடைக்காரர், "என்னக்கா, இன்னைக்கு லீவா? சங்கரன்கோவில் பக்கம் நிக்கியளே?" என்று கேட்டார். "இல்ல தம்பி, ஆபீஸ் மாறிப்போச்சு. இனிமே இந்தப் பக்கந்தான்" என்றார் அவர்.

அவர் ஓர் அரசு அலுவலகத்தில் இளநிலை உதவியாளர். வயது 36. கணவருக்குச் சங்கரன்கோவிலில் விசைத்தறி வேலை. பையன் இரண்டாம் வகுப்பு. கண்பார்வை மங்கிய மாமியார் வீட்டில் இருக்கிறார். குடியிருப்பது மாமனார் கட்டிய சொந்த வீடு.

2019 ஜூலையில் திருநெல்வேலி மாவட்டத்தைப் பிரித்துத் தென்காசியைத் தலைமையிடமாகக் கொண்டு புது மாவட்டம் வரும் என்று சட்டமன்றத்தில் அறிவிப்பு வந்தது. நவம்பர் 22 அன்று தென்காசி, தமிழ்நாட்டின் 33-வது மாவட்டமாகத் தொடங்கிவைக்கப்பட்டது. செங்கோட்டைக்காரருக்கும் கடையநல்லூர்க்காரருக்கும் கலெக்டர் ஆபீஸ் பக்கத்தில் வந்துவிட்டது. ஆனால், பனவடலிசத்திரம் புது மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில் இருக்கும் ஊர். அங்கிருந்து திருநெல்வேலிக்கு நேர் பஸ் உண்டு. தென்காசிக்குப் போக வேண்டுமென்றால் சங்கரன்கோவிலில் இறங்கி மாற வேண்டும்.

மாவட்டம் பிரிந்தால் கோப்புகளும் பிரியும், கோப்பைப் பார்க்கும் ஆட்களும் பிரிவார்கள். அவர் பார்த்துவந்த சங்கரன்கோவில் வட்டாரக் கோப்புகள் தென்காசிக்குப் போயின. கூடவே அவரும்.

எழுதிக் கிழித்த முதல் கடிதம்

இரண்டு வாரம் போய்வந்தார். மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, இடமாறுதல் கேட்டு ஒரு கடிதம் எழுதினார். முழுப் பக்கத் தாளில் இரண்டரைப் பக்கம். 'சொல்லொணா மன உளைச்சல்', 'பச்சிளம் பாலகன்', 'தாங்கள் கருணைக்கண் கொண்டு' என்றெல்லாம் போனது. கடைசியில், 'ஆகவே என்னை மீண்டும் திருநெல்வேலிக்கே மாற்றி உதவ வேண்டுகிறேன்' என்று முடிந்தது.

அதைக் கொண்டுபோய் அடுத்த தெருவில் இருக்கும் அண்ணாச்சியிடம் காட்டினார். அண்ணாச்சி அலுவலகக் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். எத்தனையோ இடமாறுதல் மனுக்களுக்குக் குறிப்பு எழுதி மேலே அனுப்பிய கை அது.

அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முழுதும் படித்தார். பிறகு கேட்டார்: "தாயி, நீ எத்தன மணிக்கு வீட்டவிட்டுக் கிளம்புத?"

"ஏழு அஞ்சு, ஏழு பத்துக்கு அண்ணாச்சி."

"திரும்ப வீட்டுக்கு?"

"எட்டரை ஆயிருது."

"முன்னால?"

"எட்டரைக்குக் கிளம்புவேன். ஏழேகாலுக்கு வந்துருவேன்."

"இந்த நாலு நேரமும் இந்த ரெண்டரைப் பக்கத்துல எங்கன இருக்கு?"

எங்குமே இல்லை.

"அழுகை எல்லா மனுவுலயும் இருக்கும் தாயி. ஒரே மாசத்துல முப்பது மனு வந்தா முப்பதுலயும் வயசான அம்மா இருப்பா, சின்னப் புள்ள இருக்கும். அதெல்லாம் நெஜந்தான். ஆனா, அதிகாரி எதை வச்சு ஒனக்கு முன்னுரிமை குடுப்பாரு? அவரு மேல எழுதணும்லா? அவரு எழுதுததுக்கு நீ எதக் குடுத்திருக்க?"

கிலோமீட்டரா, நேரமா?

அண்ணாச்சி முதலில் திருத்தியது தூரக் கணக்கை. 'முன்பைவிட இரு மடங்கு தூரம்' என்று அவர் எழுதியிருந்தார். வரைபடத்தில் அளந்தால் அது சரியில்லை. பனவடலிசத்திரத்திலிருந்து திருநெல்வேலி ஏறக்குறைய 40 கிலோமீட்டர் என்றால், சங்கரன்கோவில் சுற்றித் தென்காசி ஏறக்குறைய 60. ஒன்றரை மடங்குதான். அலுவலகத்தில் ஒருவர் போனில் மேப்பைத் திறந்து பார்த்தால் போதும், மனு பொய் சொல்வதாகத் தோன்றிவிடும்.

ஆனால், நேரம் உண்மையாகவே இரட்டிப்பாகியிருந்தது. முன்பு வீட்டு வாசலிலிருந்து அலுவலக வாசல்வரை ஒன்றேகால் மணி நேரம். இப்போது, சங்கரன்கோவிலுக்கு அரை மணி நேரம், அங்கே அடுத்த பஸ்ஸுக்காக இருபது நிமிடம், புளியங்குடி, கடையநல்லூர் வழியாகத் தென்காசிக்கு ஒன்றேகால் மணி நேரத்துக்கு மேல், இறங்கி அலுவலகத்துக்கு நடை. கூட்டினால் இரண்டரை மணி நேரத்தைத் தாண்டுகிறது. போகவும் வரவும் ஐந்து மணி நேரம்.

அண்ணாச்சி இன்னொன்றும் சொன்னார். காலையில் தாமதமாவதற்குக் காரணம் தூரமில்லை, மாறுவதுதான். நேர் பஸ்ஸில் போகிறவருக்கு ஒரு பஸ் தவறினால் கால் மணி நேரம் போகும். இரண்டு பஸ் மாறுகிறவருக்கு முதல் பஸ் பத்து நிமிடம் தாமதமானால் இரண்டாவது பஸ்ஸே போய்விடும். பத்து நிமிடம் நாற்பது நிமிடமாகும். பத்து மணி அலுவலகத்துக்குப் பத்தரைக்குப் போய் நிற்பது இப்படித்தான்.

"டிக்கெட்ட என்ன செய்த?"

"இறங்குனதும் தூரப் போட்டுருதேன்."

"இனிமே போடாத. கவர்மென்ட் பஸ் டிக்கெட்ல தேதியும் நேரமும் அடிச்சிருக்கும். பத்து நாளுக்குச் சேத்து வை. ஒரு நோட்டுல கிளம்புன நேரம், மாறுன நேரம், போய்ச் சேந்த நேரம் எழுது."

அவர் எழுதினார். பத்து வேலை நாளில் மூன்று நாள் பத்து மணிக்குப் பிறகே போய்ச் சேர்ந்திருந்தார். மூன்று நாளும் சங்கரன்கோவிலில் அடுத்த பஸ்ஸைத் தவறவிட்ட நாட்கள். நோட்டைப் பார்த்த பிறகுதான் அவருக்கே அது தெரிந்தது. அதுவரை, தான்தான் சுறுசுறுப்பு இல்லாதவள் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

எந்த ஊரைக் கேட்பது?

இரண்டாவது திருத்தம்தான் பெரியது. திருநெல்வேலிக்கே திரும்ப வேண்டும் என்பது அவருடைய ஆசை. பழகிய அலுவலகம், பழகிய பஸ், பழகிய மனிதர்கள்.

"அது இப்போ வேற மாவட்டம்லா" என்றார் அண்ணாச்சி. "ஒங்க துறையில பணிமூப்பு மாவட்ட அளவுலதானே?"

"ஆமா."

"அப்போ நீயா விரும்பி அங்க போனா என்ன ஆகும்னு யோசிச்சியா?"

அவர் யோசித்திருக்கவில்லை. பணிமூப்புப் பட்டியல் மாவட்ட அளவில் இருக்கும் பணிகளில், ஒருவர் சொந்த விருப்பத்தின் பேரில் வேறு மாவட்டத்துக்கு மாறினால், அங்கே ஏற்கெனவே அதே நிலையில் இருப்பவர்களுக்குக் கீழேதான் அவர் பெயர் சேரும். சம்பளம் குறையாது. ஆனால், உதவியாளர் பதவி உயர்வுக்கான வரிசையில் பின்னால் போய் நிற்க வேண்டும். அவருக்கு இன்னும் இருபது வருடத்துக்கு மேல் பணிக்காலம் இருக்கிறது. ஒரு கையெழுத்தில் பல வருட வரிசை போய்விடும்.

சொந்த விருப்பத்தில் மாறுகிறவருக்கு இன்னொன்றும் கிடையாது. நிர்வாகக் காரணத்துக்காக அரசே மாற்றினால் பயணப்படி உண்டு. தானே கேட்டு மாறினால் இல்லை. இந்த இரண்டையும் தெரிந்தேதான் கேட்கிறேன் என்று மனுவில் எழுதிவிடுவது நல்லது என்பது அண்ணாச்சியின் அனுபவம். பிறகு யாரும் அதைக் காரணம் காட்டிக் கோப்பைத் திருப்பி அனுப்ப முடியாது.

"அப்போ நான் எங்கதான் கேக்க?"

"சங்கரன்கோவில்ல ஒங்க துறைக்கு ஆபீஸ் இருக்குல்லா? அது தென்காசி மாவட்டந்தான. அங்க போனா பணிமூப்பு அப்படியே நிக்கும். ஒரே பஸ், அரை மணி நேரம்."

தினமும் அந்த அலுவலகத்தின் வழியாகத்தான் அவர் தென்காசி பஸ்ஸைப் பிடிக்க ஓடிக்கொண்டிருந்தார். பழைய இடத்தையே நினைத்துக்கொண்டிருந்ததால் பக்கத்து இடம் கண்ணில் படவில்லை.

இதே சமயம் தென்காசிக்கு வந்த இன்னொரு பெண் ஊழியர் திருநெல்வேலியைத்தான் கேட்டார். அவருக்கு ஓய்வு பெற இரண்டு வருடம்தான் இருந்தது. பதவி உயர்வு வரிசை அவருக்குப் பெரிதில்லை. அவர் கணக்கில் அது சரி. ஒரே விதி, இரண்டு பேருக்கு இரண்டு விடை.

சேர்ந்த பிறகே கேள்

மூன்றாவது வாரம் அவர் சோர்ந்துபோய், "மனு குடுத்துட்டு, பதில் வார வரைக்கும் மெடிக்கல் லீவு போட்டுரலாமா அண்ணாச்சி?" என்று கேட்டார்.

அண்ணாச்சி இதற்குத்தான் குரலை உயர்த்தினார். "அந்தத் தப்ப மட்டும் செஞ்சிராத."

1989-ல் குஜராத் மின்வாரிய வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. சூரத்திலிருந்து உகாய்க்கு மாற்றப்பட்ட ஓர் ஊழியர், மாறுதலை ரத்து செய்யக் கேட்டு மனு கொடுத்தார். மனு நிலுவையில் இருக்கிறது என்று புது இடத்தில் சேராமலே இருந்தார். வேலை போயிற்று. வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது. அங்கேயும் அவருக்குச் சாதகமாக வரவில்லை. மாறுதல் என்பது பணியோடு சேர்ந்தே வருவது. மனு கொடுக்க ஊழியருக்கு உரிமை உண்டு. ஆனால், மனு கொடுத்ததாலேயே உத்தரவை மீறும் உரிமை வந்துவிடாது என்பதுதான் தீர்ப்பின் சாரம்.

1991-ல் பீகார் ஆசிரியைகளின் வழக்கிலும், கெட்ட நோக்கமோ கட்டாய விதிமீறலோ இருந்தால் தவிர மாறுதல் உத்தரவில் நீதிமன்றங்கள் தலையிடக் கூடாது என்றது உச்ச நீதிமன்றம். ஆக, தூரம் அதிகம் என்பதை மட்டும் வைத்து நீதிமன்றத்தில் ஜெயிப்பது கடினம். கையில் இருக்கும் வலுவான கருவி மனுதான். அதனால்தான் அது ஒழுங்காக இருக்க வேண்டும்.

அவர் மெடிக்கல் லீவு போடவில்லை. ஏழு பத்து பஸ்ஸுக்கே போனார்.

ஒரே பக்கம்

டிசம்பர் கடைசியில் எழுதி முடித்த மனு இதுதான். பெயர்களும் பிரிவும் மட்டும் இங்கே விடப்பட்டிருக்கின்றன.

'அனுப்புநர்: இளநிலை உதவியாளர், மாவட்ட அலுவலகம், தென்காசி.

பெறுநர்: மாவட்ட அலுவலர், தென்காசி. வழி: கண்காணிப்பாளர்.

பொருள்: சங்கரன்கோவில் அலுவலகத்துக்கு விருப்ப மாறுதல் கோருதல் தொடர்பாக.

ஐயா, மாவட்டப் பிரிவினையை அடுத்து நான் திருநெல்வேலியிலிருந்து தென்காசிக்கு மாற்றப்பட்டு, உத்தரவின்படி பணியில் சேர்ந்து பணியாற்றி வருகிறேன்.

எனது குடியிருப்பு பனவடலிசத்திரம். திருநெல்வேலிக்கு ஒரே பேருந்தில் ஒன்றேகால் மணி நேரத்தில் சென்றுவந்தேன். தற்போது இரண்டு பேருந்துகள் மாறி இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. பத்து நாள் பயண விவரமும் பயணச்சீட்டு நகல்களும் இணைத்துள்ளேன். இவற்றில் மூன்று நாட்கள் பேருந்து மாறும் இடத்தில் தாமதமானதால் பத்து மணிக்குப் பின் வர நேர்ந்தது.

கணவர் சங்கரன்கோவிலில் பணிபுரிவதாலும், பார்வைக் குறைபாடுள்ள மாமியார் சொந்த வீட்டில் எங்களுடன் வசிப்பதாலும் தென்காசிக்குக் குடிபெயர இயலவில்லை. மருத்துவச் சான்று இணைப்பில் உள்ளது.

எனவே, இதே மாவட்டத்தில் உள்ள சங்கரன்கோவில் அலுவலகத்தில் காலியிடம் ஏற்படும்போது, அல்லது மனமொத்த மாறுதல் மூலம், எனக்கு மாறுதல் வழங்கப் பணிவுடன் வேண்டுகிறேன். விருப்ப மாறுதலுக்குப் பயணப்படி கிடையாது என்பதை அறிவேன். என் வசம் உள்ள கோப்புகளை முழுமையாக ஒப்படைத்த பின்னரே விடுவிப்புப் பெறுவேன்.'

'குடிபெயர இயலவில்லை' என்ற பத்தியை அண்ணாச்சிதான் சேர்க்கச் சொன்னார். இப்படிப்பட்ட மனுவைப் படிக்கும் எந்த அதிகாரிக்கும் முதலில் தோன்றும் கேள்வி, "அங்கேயே வீடு பார்த்துக்கொண்டு போக வேண்டியதுதானே?" என்பது. அதை அவர் கேட்கும் முன்பே பதில் இருக்க வேண்டும். மனு கண்காணிப்பாளர் வழியாகத்தான் போக வேண்டும். அவரைத் தாண்டி நேரே மேலே கொடுத்தால், அவருடைய குறிப்புக்காகவே கோப்பு மறுபடி கீழே வரும். கொடுத்ததற்கு அத்தாட்சியாக நகலில் தேதியோடு கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

எதிர்ப் பஸ்ஸில் வந்தவர்

ஜனவரியில் பதில் வந்தது. ஒரே வரி. 'சங்கரன்கோவில் அலுவலகத்தில் தற்போது காலிப்பணியிடம் இல்லை.'

அன்று இரவு அவர் சாப்பிடவில்லை. பையன் அவர் வருவதற்குள் தூங்கியிருந்தான். வாரத்தில் ஐந்து நாளும் அப்படித்தான். மாமியார்தான், "அவன் இன்னைக்குச் சோறு வேண்டாம்னுட்டான். நீ ஊட்டுனாதான் திம்பானாம்" என்றார்.

பதிலைப் படித்த அண்ணாச்சி, "இது இல்லைன்னு சொல்லல தாயி, இடம் இல்லைன்னு சொல்லுது" என்றார். சங்கரன்கோவிலில் தனக்குத் தெரிந்த பழைய ஊழியர் ஒருவருக்குப் போன் போட்டார். "ஒங்க ஆபீஸ்ல தென்காசிப் பக்கத்துல இருந்து வாரவன் எவனும் உண்டுமா வே?"

உண்டு. கடையநல்லூர்க்காரர் ஒருவர் அதே இளநிலை உதவியாளர் பணியில் இருந்தார். தினமும் சங்கரன்கோவிலுக்கு வந்துபோகிறவர். மாவட்டத் தலைமையிடம் தென்காசி ஆனது முதல் அங்கே போக வழி தேடிக்கொண்டிருந்தவர். காலையில் இவருடைய பஸ் கடையநல்லூரைத் தாண்டித் தென்காசி போகும்போது, அவர் எதிர்த் திசையில் வந்துகொண்டிருந்தார்.

இருவரும் ஒரே பதவி, ஒரே மாவட்டப் பணிமூப்பு. யார்மீதும் ஒழுங்கு நடவடிக்கை நிலுவையில் இல்லை. மனமொத்த மாறுதலுக்கு முதலில் பார்ப்பது இதைத்தான். இரண்டு பேரும் தனித்தனியாக மனு எழுதி, ஒருவர் மனுவில் மற்றவரின் சம்மதக் கடிதத்தை இணைத்தார்கள். இந்த ஏற்பாட்டில் எந்த நாற்காலியும் காலியாவதில்லை. அரசுக்குப் பயணப்படிச் செலவும் இல்லை. அதிகாரிக்குச் சரி என்று சொல்வதில் எந்தச் சிரமமும் இல்லை.

ஒரு தடை வந்தது. இப்போதைய இடத்தில் ஓராண்டாவது இருந்தவருக்குத்தான் விருப்ப மாறுதல் என்று அலுவலகத்தில் ஒரு நடைமுறை இருந்தது. அவர் தென்காசியில் சேர்ந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. கண்காணிப்பாளர் இதைச் சொன்னதும், தென்காசிக்கு வந்தது தன் விருப்பத்தால் அல்ல, மாவட்டப் பிரிவினையால் என்றும், திருநெல்வேலியில் இருந்த காலத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்றும் ஒரு பத்தி எழுதிக் கொடுத்தார். முதல் மனுவின் முதல் வரியில் அது ஏற்கெனவே பதிவாகியிருந்தது உதவியாக இருந்தது.

தனியார் நிறுவனத்தில் வேலை பார்ப்பவருக்கு மனமொத்த மாறுதல் என்ற பெயர் இருக்காது. ஆனால், கணக்கு பெரும்பாலும் இதேதான். பணி நியமனக் கடிதத்தில் 'நிறுவனத்தின் எந்தக் கிளைக்கும் மாற்றலாம்' என்ற வரி இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். இருந்தால் உரிமை என்று வாதாடிப் பயனில்லை. வாசலிலிருந்து வாசலுக்கு ஆகும் நேரத்தை எழுதி, இன்ன கிளைக்கு மாற்றலாம், அது முடியாவிட்டால் இன்ன நேரத்துக்கு ஷிப்டை மாற்றலாம் என்று இரண்டு வழிகளையாவது கேட்பவரே சொல்ல வேண்டும்.

முற்பகலும் பிற்பகலும்

2020 பிப்ரவரி கடைசியில் உத்தரவு வந்தது. வந்ததும் வேலை முடிந்துவிடவில்லை. மாறுதல் உத்தரவு வேறு, பணிவிடுவிப்பு வேறு. உத்தரவு கையில் இருந்தும், பதிலுக்கு ஆள் வரவில்லை என்று மாதக்கணக்கில் விடுவிக்கப்படாமல் இருப்பவர்கள் உண்டு. இங்கே இருவரும் ஒரே நாளைக் குறித்துக்கொண்டார்கள். அன்று முற்பகல் அவர் தென்காசியில் கோப்புப் பட்டியலில் கையெழுத்திட்டு விடுவிப்புப் பெற்றார். கடையநல்லூர்க்காரர் சங்கரன்கோவிலில் அதையே செய்தார். பிற்பகல் இருவரும் புது இடத்தில் சேர்ந்தார்கள்.

சங்கரன்கோவிலில் 5.45-க்கு அலுவலகம் முடிந்து, திருநெல்வேலி போகும் பஸ்ஸில் ஏறி, பனவடலிசத்திரத்தில் இறங்கியபோது மணி ஆறரை. இறங்கியது பழைய பக்கம்தான், டீக்கடைக்கு எதிரே.

அடுத்த மாதம் ஊரடங்கு வந்தது. மே மாதம் அலுவலகங்கள் குறைந்த ஊழியர்களோடு திறந்தபோது வழக்கமான பஸ்கள் ஓடவில்லை. முறை வந்த நாட்களில் கணவர் அவரைப் பைக்கில் கொண்டுபோய் விட்டார். பதினைந்து கிலோமீட்டர்தான்.

பயண நேரம் எழுதிய அந்த நோட்டு இப்போதும் வீட்டில் இருக்கிறது. பத்து நாளுக்குப் பிறகு வந்த பக்கங்களில் பையன் வாய்ப்பாடு எழுதிப் பழகியிருக்கிறான்.